கைக்கு வந்த பணம் எப்போது வருமானம் ஆகும்?

ஈரோட்டில் ஒருவர் மழலையர் பள்ளி தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பெயரில் தொடங்கினால் பெற்றோர் நம்பி வருவதற்கே சில ஆண்டுகள் ஆகும். அதனால் ஏற்கெனவே பல ஊர்களில் பெயர் எடுத்த ஒரு நிறுவனத்திடம் ஃபிரான்சைஸ் எடுக்கிறார். ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு. கையெழுத்துப் போடும் அன்றே ஏழரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். பள்ளி திறந்த பிறகு வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கை மாதாமாதம் ராயல்டியாகத் தர வேண்டும். கட்டிய ஏழரை லட்சம் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது.

பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. திருப்பித் தர வேண்டியதும் இல்லை. அப்படியானால் அந்த ஏழரை லட்சம் இந்த ஆண்டின் வருமானம்தானே? ஃபிரான்சைஸ் கொடுக்கும் தொழிலில் இறங்குகிற ஏறக்குறைய எல்லோரும் தங்கள் ஆடிட்டரிடம் கேட்கும் கேள்வி இது. இல்லை என்று அவர் சொல்லும்போது பலருக்குக் கோபமே வருகிறது. "பணம் என் கையில் இருக்கிறது சார், யாரும் திருப்பிக் கேட்கவும் முடியாது. பிறகு ஏன் அதைக் கடன் மாதிரி எழுதுகிறீர்கள்?" என்பார்கள்.

அந்தப் பணம் எதற்காக வாங்கப்பட்டது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தால் நிறுவனம் பல வாக்குறுதிகளைக் கொடுத்திருப்பது தெரியும். இடம் தேர்ந்தெடுக்க உதவும். ஆசிரியைகளுக்குத் தன் பாணியில் பயிற்சி கொடுக்கும். வகுப்பறைக்கான மேசை, நாற்காலி, விளையாட்டுப் பொருள்களை அனுப்பும். ஐந்து ஆண்டுக்குத் தன் பெயரையும் சின்னத்தையும் பாடத்திட்டத்தையும் பயன்படுத்த விடும். ஆண்டுதோறும் பாடத்திட்டத்தைப் புதுப்பித்துத் தரும், தன் ஆட்களை அனுப்பிப் பள்ளியைப் பார்வையிடும், பெயர் மங்காமல் இருக்க விளம்பரம் செய்யும். பணம் ஒரே நாளில் வந்துவிட்டது. வேலை ஐந்து ஆண்டுக்கு நீள்கிறது. தை மாதக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே அட்வான்ஸ் வாங்கிய மண்டபக்காரர் அந்தக் கல்யாணம் நடந்து முடியும்வரை கடமைப்பட்டவர்தான். இங்கே அந்தக் கடமை ஐந்து ஆண்டுக்கு இருக்கிறது.

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'முன்கூட்டிப் பெற்ற வருமானம்' என்ற தலைப்பு நினைவிருக்கும். இதுவும் அந்த வகைதான். பணம் வரும் அன்று வங்கிக் கணக்கைப் பற்று வைப்பார்கள். வரவு வைப்பது வருமானக் கணக்கில் அல்ல, முன்கூட்டிப் பெற்ற வருமானம் என்ற பொறுப்புக் கணக்கில். இருப்புநிலைக் குறிப்பில் இது வங்கிக் கடன், கொடுக்க வேண்டிய சம்பளம் ஆகியவற்றோடு பொறுப்புகள் பக்கத்தில் உட்காரும். திருப்பித் தர வேண்டியது பணமாக இல்லாவிட்டாலும் சேவையாக இருக்கிறது, அதனால்தான் அது பொறுப்பு. 'திருப்பித் தரப்படாது' என்ற வரி ஈரோட்டுக்காரர் பணத்தைக் கேட்கும் உரிமையைத்தான் பறிக்கிறது. நிறுவனம் செய்ய வேண்டிய வேலை எதையும் அது குறைக்கவில்லை.

அடுத்து, ஏழரை லட்சமும் ஒரே மாதிரிப் பணமா என்று ஆடிட்டர் பார்ப்பார். இந்தத் துறையில் சாமர்த்தியமும் சண்டையும் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். மேசை, நாற்காலி, பொம்மைகளை ஈரோட்டுக்காரர் வேறு கடையிலும் வாங்கியிருக்கலாம். அவை அந்த நிறுவனத்தின் பெயர் இல்லாமலும் பயன்படும். அவற்றின் சந்தை விலை ஒன்றரை லட்சம். சாமான்களைத் தாங்களே வாங்கிக்கொள்கிறவர்களிடம் நிறுவனம் ஆறு லட்சம் மட்டும் வாங்குகிறது. ஆகவே ஏழரை லட்சத்தில் ஒன்றரை லட்சம் சாமான்களுக்கு, ஆறு லட்சம் உரிமத்துக்கு என்று பிரிப்பதில் சிக்கல் இல்லை. சாமான்கள் போய்ச் சேர்ந்த அன்றே ஒன்றரை லட்சத்தை வருமானமாகக் காட்டலாம். அந்தக் கடமை அன்றோடு தீர்ந்தது.

ஆசிரியைப் பயிற்சியும் அப்படித்தானே, பள்ளி திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறதே என்று நிறுவனம் வாதாடும். இந்த வாதம் பெரும்பாலும் நிற்பதில்லை. பயிற்சி அந்த நிறுவனத்தின் பாடத்திட்டத்தை அதன் பாணியில் நடத்துவதற்கான பயிற்சி. அந்தப் பெயரும் பாடத்திட்டமும் கையில் இல்லாவிட்டால் அந்தப் பயிற்சியால் ஈரோட்டுக்காரருக்கு ஒரு பயனும் இல்லை. அதேபோல இடம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது தனியாக ஒரு சேவை அல்ல, பள்ளியை நடத்த வைப்பதற்கான ஆயத்தம். இவையெல்லாம் உரிமத்தோடு ஒட்டியவை, அதோடு சேர்த்தே கணக்கில் வரும். ஆனால் எந்தப் பள்ளிக்கும் பொருந்தும் முதலுதவிப் பயிற்சியையோ கணினியில் கணக்கு எழுதும் பயிற்சியையோ கொடுத்திருந்தால் அதைத் தனியாகப் பிரித்து முடிந்ததும் வருமானமாக்க இடம் உண்டு.

இப்போது ஆறு லட்சம் நிற்கிறது. ஒப்பந்தக் காலம் 60 மாதம். அந்தப் பெயரைப் பயன்படுத்தும் வாய்ப்பு மாதத்துக்கு மாதம் ஒரே அளவில்தான் கிடைக்கிறது என்பதால் மாதம் பத்தாயிரம் ரூபாய். அக்டோபரில் பணம் வந்தது, பள்ளி ஜனவரி 1 அன்று திறந்தது, ஐந்து ஆண்டும் திறந்த நாளிலிருந்தே எண்ணப்படும் என்று ஒப்பந்தம் சொல்கிறது என்றால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் வருமானம் ஒரு பைசாவும் இல்லை. உரிமத்தை ஈரோட்டுக்காரர் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே கணக்கு ஓடும். மார்ச் 31 அன்று முடியும் நிதியாண்டில் மூன்று மாதத்துக்கு முப்பதாயிரம் ரூபாய் வருமானம். மீதி 5,70,000 ரூபாய் பொறுப்பு. அதில் அடுத்த ஓராண்டில் தீரப்போகும் 1,20,000 நடப்புப் பொறுப்பு, மற்ற 4,50,000 நீண்டகாலப் பொறுப்பு. ஆறு லட்சம் வாங்கிய ஆண்டில் லாப நட்டக் கணக்குக்கு வருவது முப்பதாயிரம்தான். நிறுவனத்தாருக்கு மனசு ஆறாத இடம் இது.

மாதாந்திர ராயல்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. பள்ளியில் எவ்வளவு கட்டணம் வசூலானதோ அதைப் பொறுத்து அந்தந்த மாதமே அது வருமானம். ஆறு லட்சத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டியாக வாங்கிய 1,08,000 ரூபாய் எப்போதும் வருமானம் அல்ல, அது அரசின் பணம். ஆனால் சேவைக்கு முன்பணம் வாங்கினாலே அந்த வரியைச் செலுத்தியாக வேண்டும். ஐந்து ஆண்டுக்குப் பிரித்துக் கட்டுகிறேன் என்று சொல்ல முடியாது.

ஒரே ஒரு பள்ளியை வைத்துப் பார்த்தால் இது வெறும் கணக்குப்பிள்ளை விவகாரமாகத் தெரியும். அறுபது பள்ளிகளை வைத்துப் பார்த்தால்தான் இந்த விதி எதைத் தடுக்கிறது என்று புரியும். நிறுவனம் முதல் ஆண்டில் 20 உரிமம், இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 20 விற்கிறது. ஒவ்வொன்றும் ஆறு லட்சம். எல்லாம் ஏப்ரல் 1 அன்று திறந்தன என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டோடு புதிதாக எடுக்க ஆள் இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் சேவை செய்ய, அதாவது பார்வையாளர் சம்பளம், பாடத்திட்டப் புதுப்பிப்பு, விளம்பரம் எல்லாம் சேர்த்து, ஆண்டுக்கு எழுபதாயிரம் ரூபாய் செலவு. ராயல்டியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பணம் வந்த அன்றே வருமானம் என்று எழுதினால் முதல் ஆண்டில் வருமானம் 120 லட்சம், செலவு 14 லட்சம், லாபம் 106 லட்சம். இரண்டாம் ஆண்டில் லாபம் 92 லட்சம், மூன்றாம் ஆண்டில் 78 லட்சம். மூன்று ஆண்டில் மொத்தம் 276 லட்சம் லாபம். நான்காம் ஆண்டில் புதிய விற்பனை இல்லை, வருமானம் பூஜ்யம். ஆனால் அறுபது பள்ளிகளுக்கும் வேலை செய்தாக வேண்டும். அந்த ஆண்டு 42 லட்சம் நட்டம், அடுத்த ஆண்டும் 42 லட்சம் நட்டம், பிறகு 28, பிறகு 14. அதே நிறுவனம், அதே பள்ளிகள், அதே சேவை. மூன்று ஆண்டு கொழுத்த லாபம், நான்கு ஆண்டு தொடர் நட்டம்.

ஐந்து ஆண்டுக்குப் பிரித்து எழுதினால் படம் வேறு. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஆண்டுக்கு 1,20,000 வருமானம், 70,000 செலவு, மீதி ஐம்பதாயிரம். ஆகவே லாபம் முதல் ஆண்டில் 10 லட்சம், அடுத்து 20, பிறகு மூன்று ஆண்டுகள் 30, அதன்பின் 20, கடைசியில் 10. ஏழு ஆண்டுக் கூட்டுத்தொகை 150 லட்சம். முதல் முறையில் கூட்டினாலும் நட்டங்களைக் கழித்தபின் அதே 150 லட்சம்தான். மொத்தத்தில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. எந்த ஆண்டில் எவ்வளவு என்பதுதான் மாறியது.

மொத்தம் மாறவில்லை என்றால் எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். மூன்றாம் ஆண்டின் கடைசி நாளில் உரிமையாளர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வந்த பணம் 360 லட்சம், செலவானது 84 லட்சம், வங்கியில் இருப்பது 276 லட்சம். முதல் முறைப்படி லாபமும் அதே 276 லட்சம். லாபம்தானே என்று அதை எடுத்துப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார், அல்லது வேறு தொழிலில் போடுகிறார். மறுநாள் காலை அறுபது பள்ளிகளும் அவரிடம் சேவையை எதிர்பார்த்து நிற்கின்றன. மீதமுள்ள ஒப்பந்தக் காலத்துக்கு அதற்கு வேண்டியது 126 லட்சம். பெட்டியில் ஒன்றும் இல்லை. இனிப் பள்ளிகளுக்குப் பார்வையாளர் வருவதில்லை, பாடத்திட்டம் பழையதாகவே கிடக்கிறது, அழைத்தால் தொலைபேசியை எடுப்பதில்லை. அல்லது புதிய உரிமங்களை எப்படியாவது, யாரிடமாவது விற்றே ஆக வேண்டிய நெருக்கடி வருகிறது. புதிதாக வருகிறவர் பணத்தில் பழையவருக்குச் சேவை என்று தொழில் மாறிப்போகிறது. பிரித்து எழுதியிருந்தால் அதே நாளில் இருப்புநிலைக் குறிப்பு 216 லட்சம் ரூபாயை 'இன்னும் ஈட்டாத பணம்' என்று பொறுப்புப் பக்கத்தில் காட்டியிருக்கும். பிரித்துக் கொடுக்க லாபம் என்று இருந்தது 60 லட்சம் மட்டுமே.

அமெரிக்கா இந்தப் பாடத்தை 1960களின் இறுதியில் படித்தது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் ஜான் ஜே ஹூக்கர் என்ற அரசியல்வாதியும் அவருடைய தம்பி ஹென்றியும், மின்னி பேர்ல் என்ற புகழ்பெற்ற கிராமிய இசை மேடை நகைச்சுவைக் கலைஞரின் பெயரில் வறுத்த கோழிக்கடைத் தொடர் ஒன்றைத் தொடங்கினார்கள். கென்டக்கி வறுத்த கோழி கொடிகட்டிப் பறந்த காலம். உரிமங்கள் மளமளவென்று விற்றன. விற்ற ஒவ்வொரு உரிமத்தின் கட்டணமும் விற்ற உடனேயே வருமானமாகக் கணக்கில் ஏறியது. ஆனால் விற்ற உரிமங்களில் ஒரு சிறு பகுதிதான் கடைகளாகத் திறந்தன. கட்டணத்தில் பெரும்பகுதி ரொக்கமாகக்கூட வரவில்லை, பிறகு தருகிறோம் என்று எழுதிக் கொடுத்த பத்திரங்களாகவே இருந்தது. 1968ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது பங்குக்கு ஏகப்பட்ட கிராக்கி. சில ஆண்டுகளில் கணக்குகள் திருத்தி எழுதப்பட்டன, பங்கு விலை சரிந்தது, கடைகள் மூடப்பட்டன. கோழி வறுப்பதைவிட உரிமம் விற்பதே அந்த நிறுவனத்தின் உண்மையான வியாபாரமாகிவிட்டிருந்தது. அதன் கணக்குமுறை அதை வெளியே தெரியாமல் மறைத்தது.

அந்தக் காலத்தில் இப்படி எழுதிய நிறுவனம் அது ஒன்று மட்டும் அல்ல. 1973ல் அமெரிக்க ஆடிட்டர்கள் சங்கம் இதற்கென வழிகாட்டி வெளியிட்டது. 1981ல் அந்நாட்டின் கணக்கியல் தர வாரியம் ஃபிரான்சைஸ் கட்டணத்துக்காகவே 45ஆம் எண் தரநிலையைக் கொண்டுவந்தது. விற்ற அன்று வருமானம் கிடையாது, தொடக்கச் சேவைகள் கணிசமாக முடிந்த பிறகே என்றது அது. நடைமுறையில் கடை திறந்த நாள் என்று ஆனது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் கடை திறந்த அன்று முழுக் கட்டணமும் ஒரே மூச்சில் வருமானமானது.

2014ல் சர்வதேசத் தர வாரியமும் அமெரிக்க வாரியமும் சேர்ந்து வருமானத்துக்கான புதிய தரநிலையை வெளியிட்டன. ஃபிரான்சைஸ் உரிமம் என்பது ஒப்பந்தக் காலம் முழுக்கப் பெயரை அனுபவிக்கும் உரிமை, அந்தப் பெயரின் மதிப்பை நிறுவனம் தொடர்ந்து காப்பாற்றுகிறது, ஆகவே வருமானமும் அந்தக் காலம் முழுக்கப் பரவ வேண்டும் என்பது அதன் வழி. மெக்டொனால்ட்ஸ் 2018 ஜனவரி 1 முதல் இதைப் பின்பற்றுகிறது. அப்போது அமெரிக்காவில் அதன் தொடக்கக் கட்டணம் 45,000 டாலராக இருந்தது, உரிமக் காலம் வழக்கமாக 20 ஆண்டு. முன்பு கடை திறந்த அன்றே 45,000 டாலரும் வருமானம். புதிய விதிப்படி ஆண்டுக்கு 2,250 டாலர்.

இதற்கு எதிர்ப்பும் வந்தது, அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சிறிய நிறுவனங்களுக்குச் செலவு முன்னால்தான் விழுகிறது. இடம் பார்ப்பது, பயிற்சி, திறப்பு விழாவுக்கு ஆள் அனுப்புவது எல்லாம் முதல் ஆறு மாதத்தில் முடிந்துவிடுகின்றன. அந்தச் செலவை ஈடுகட்ட வாங்கிய கட்டணத்தை மட்டும் பத்து ஆண்டுக்குப் பரப்பச் சொன்னால் வளரும் நிறுவனம் கணக்கில் நட்டக்காரனாகத் தெரியும், வங்கி கடன் தர யோசிக்கும் என்றார்கள். 2021 ஜனவரியில் அமெரிக்க வாரியம் பங்குச் சந்தையில் இல்லாத ஃபிரான்சைஸ் நிறுவனங்களுக்கு ஒரு சலுகை கொடுத்தது. திறப்புக்கு முந்தைய குறிப்பிட்ட சில சேவைகளைத் தனிச் சேவையாகக் கருதி, அவற்றுக்குரிய தொகையை அவை முடிந்ததும் வருமானமாக்கலாம். எனக்கு இந்தச் சலுகையில் முழு உடன்பாடு இல்லை. விற்பவர் எப்போது வியர்வை சிந்தினார் என்பதைவிட வாங்கியவருக்கு எப்போது பயன் கிடைத்தது என்பதுதான் வருமானத்துக்கு அளவுகோலாக இருக்க வேண்டும். பள்ளி திறக்காமலே போனால் அந்த ஆயத்தங்களால் ஈரோட்டுக்காரருக்கு என்ன கிடைத்திருக்கும்?

பிரித்து எழுதும் முறையும் ஏமாற்றக்கூடும். அது எங்கே ஏமாற்றும் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஈரோட்டுப் பள்ளி இரண்டு ஆண்டு நடந்து மூடப்படுகிறது என்று வையுங்கள். ஒப்பந்தம் முறிகிறது, கட்டணம் திருப்பித் தரப்படாது. அதுவரை 2,40,000 ரூபாய் வருமானமாகியிருக்கும். மீதி 3,60,000 ரூபாய்க்கு இனிச் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. அந்தப் பொறுப்பு அன்றோடு தீர்ந்தது, ஆகவே முழுத் தொகையும் ஒரே நாளில் வருமானத்துக்குப் போகும். விதிப்படி இதில் தவறு இல்லை. ஆனால் ஒரு பள்ளி மூடியதால் நிறுவனத்தின் அந்த ஆண்டு வருமானம் உயர்கிறது. பத்துப் பள்ளிகள் மூடினால் 36 லட்சம் உயரும். இனி அந்தப் பள்ளிகளிலிருந்து ராயல்டி வராது என்பது அடுத்த ஆண்டுதான் தெரியும். ஃபிரான்சைஸ் கட்டண வருமானம் திடீரென ஏறியிருந்தால் புதிய கிளைகளால் ஏறியதா, மூடிய கிளைகளால் ஏறியதா என்று பார்க்காமல் மகிழ்ச்சி அடையக்கூடாது. கூடவே ராயல்டி வருமானம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். கட்டண வருமானம் ஏறி ராயல்டி இறங்கினால் பள்ளிகள் மூடப்பட்டு வருகின்றன என்று சந்தேகிக்க இடம் உண்டு.

இன்னொரு நுட்பம் கால அளவு. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு, அது முடிந்ததும் புதுக் கட்டணம் எதுவும் இல்லாமல் இன்னும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம் என்று இருந்தால் அந்த ஆறு லட்சம் உண்மையில் பத்து ஆண்டுக்கு உரிய பணமாக இருக்கலாம். புதிதாக எடுப்பவர் ஆறு லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் பழையவர் இலவசமாகத் தொடர முடிகிறது என்றால், அந்தச் சலுகையின் விலையும் முதல் நாளிலேயே வாங்கப்பட்டுவிட்டது. இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டால் ஆண்டு வருமானம் இரண்டு மடங்காகத் தெரியும்.

இந்தியாவில் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களும் நிகர மதிப்பு 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களும் 2018 ஏப்ரல் 1 முதல் இண்ட் ஏஎஸ் 115 என்ற தரநிலைப்படி எழுதுகின்றன. சர்வதேசத் தரநிலையின் இந்திய வடிவம் அது. சிறிய நிறுவனங்களுக்குப் பழைய ஏஎஸ் 9 பொருந்தும். சேவை எவ்வளவு நடந்ததோ அந்த அளவுக்கே வருமானம் என்ற கொள்கை அதிலும் இருக்கிறது, ஆனால் விளக்கம் குறைவு, ஆடிட்டரின் தீர்ப்புக்கு விட்டது அதிகம். நம் ஊரில் டீக்கடை, பேக்கரி, சலூன், டியூஷன் சென்டர் என்று உரிமம் விற்கும் பெரும்பாலான அமைப்புகள் இந்த வகையில்தான் வரும். அவற்றின் கணக்கில் முன்கட்டணம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒவ்வொன்றிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

வருமான வரி தனிக் கேள்வி. கணக்கில் பிரித்து எழுதினால் வரிக்கும் பிரித்துக் காட்டலாமா? அப்போது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மஹிந்திரா ஹாலிடேஸ் நிறுவனத்தின் வழக்கில் இதே மாதிரிக் கேள்வி எழுந்தது. அது ஃபிரான்சைஸ் அல்ல, பல ஆண்டுகளுக்கு விடுமுறைத் தங்கல் தருவதாகச் சொல்லி முன்கூட்டி வாங்கும் உறுப்பினர் கட்டணம். எதிர்காலத்தில் சேவை தர வேண்டிய ஒப்பந்தக் கடமை இருக்கும்போது முழுத் தொகைக்கும் முதல் ஆண்டிலேயே வரி போட முடியாது என்று 2010ல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சென்னைச் சிறப்பு அமர்வு கூறியது. எல்லா ஒப்பந்தத்துக்கும் இதை அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஒப்பந்தத்தில் பின்னாளைய கடமை எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே வாதம் நிற்கும்.

கட்டிய ஈரோட்டுக்காரர் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. அவருக்கும் ஆறு லட்சம் முதல் ஆண்டுச் செலவு அல்ல. ஐந்து ஆண்டுக்குப் பயன் தரும் உரிமை என்பதால் அது கண்ணுக்குத் தெரியாத சொத்து. தன் புத்தகத்தில் ஆண்டுக்கு 1,20,000 வீதம் குறைத்துக்கொண்டு வருவார். வருமான வரிச் சட்டம் ஃபிரான்சைஸ் என்ற பெயரைக் குறிப்பிட்டே, மீதமுள்ள மதிப்பில் 25 சதவீதம் தேய்மானம் தருகிறது. முதல் ஆண்டில் லாபத்தைக் குறைக்க ஆறு லட்சத்தையும் செலவாக எழுதிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர், கையெழுத்துக்கும் பணத்துக்கும் குறைந்தது 14 நாள் முன்னதாக ஒரு விவர ஆவணத்தை வாங்குபவர் கையில் கொடுத்தாக வேண்டும். கடந்த ஆண்டுகளில் எத்தனை கிளைகள் திறந்தன, எத்தனை மூடின, தணிக்கை செய்த கணக்குகள் என்ன சொல்கின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆகவே பணம் கட்டுமுன் நீங்களே கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டு இருப்புநிலைக் குறிப்பைக் காட்டச் சொல்லுங்கள். அதில் முன்கூட்டிப் பெற்ற வருமானம் பொறுப்புப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு ஈடாக வங்கியில் பணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு முன் உரிமம் எடுத்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, நிறுவனத்தின் ஆள் கடைசியாக எப்போது வந்து போனார் என்று கேளுங்கள். கணக்கைக் காட்டத் தயங்கும் நிறுவனத்திடம் ஏழரை லட்சத்தை ஒரே நாளில் கட்டாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சேவை நடக்க நடக்கத் தவணையாகத் தருகிறேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.